சர்க்கரைக்காக ஏற்றிய பிரீமியம் பிறகு இறங்குமா?

மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்து, ரத்தப் பரிசோதனையும் முடிந்து, பாலிசி வந்துவிடும் என்று காத்திருக்கும் நேரத்தில் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. உங்களைச் சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் பிரீமியத்தில் 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும், சம்மதம் என்றால் குறிப்பிட்ட நாளுக்குள் தெரிவியுங்கள் என்கிறது அந்தக் கடிதம். இதற்குப் பெயர் கவுன்ட்டர் ஆஃபர். அந்தக் கூடுதல் தொகைக்குப் பெயர் லோடிங்.

அடுத்து ஏஜென்டுக்குப் போன் போகும். 'இப்போதைக்குச் சரின்னு சொல்லுங்க சார், மூணு வருஷம் கழிச்சு எடுத்துடலாம்' என்ற பதில் வரும். பெரும்பாலானோர் அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் செல்போனில் வரும் ஓ.டி.பி.யைக் கொடுத்துச் சம்மதிக்கிறார்கள். மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகும் லோடிங் அப்படியே இருக்கிறது. கேட்டால், 'பாலிசி விதிகளிலேயே இருக்கிறதே' என்று பதில் வருகிறது.

லோடிங் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது, அது எதற்கான பணம், ஒருமுறை ஏற்றியதை இறக்க என்னென்ன வழிகள் உண்டு என்பதைச் சர்க்கரையோ தைராய்டோ உள்ள ஒவ்வொருவரும் சம்மதம் சொல்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். சம்மதம் சொன்ன பிறகு அவர்கள் கையில் இருக்கும் வாய்ப்புகள் மிகவும் குறைந்துவிடுகின்றன.

அண்டர்ரைட்டர் எதைப் பார்க்கிறார்?

விண்ணப்பத்தைப் பரிசீலித்து, சேர்க்கலாமா, என்ன விலைக்குச் சேர்க்கலாம் என்று முடிவு செய்பவர் அண்டர்ரைட்டர். சர்க்கரை என்று எழுதியதுமே அவர் 25 சதவீதத்தைப் போட்டுவிடுவதில்லை. எத்தனை வருடமாகச் சர்க்கரை, எந்த வயதில் வந்தது, மாத்திரையா இன்சுலினா, கூடவே ரத்த அழுத்தம் உண்டா, உடல் எடை எவ்வளவு, புகைபிடிப்பவரா என்று பார்க்கிறார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவைப் பார்க்கிறார். சிறுநீரில் புரதம் கசிகிறதா, ரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு, இ.சி.ஜி. எப்படி இருக்கிறது என்பவற்றையும் பார்க்கிறார். சர்க்கரை மட்டும் இருந்தால் ஒரு கணக்கு. அது சிறுநீரகத்தையோ இதயத்தையோ தொட்டிருந்தால் வேறு கணக்கு. மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருப்பவருக்குச் சிறிய லோடிங்கோடு கதவு திறக்கும். இன்சுலின் போடுகிறவரைப் பல நிறுவனங்கள் வழக்கமான பாலிசிகளில் சேர்ப்பதே இல்லை.

தைராய்டில் நிலைமை இவ்வளவு கடுமையாக இருக்காது. தைராய்டு குறைவாகச் சுரந்து, தினமும் ஒரு மாத்திரையில் டி.எஸ்.எச். சரியான அளவில் நிற்கிறது என்றால் பல நிறுவனங்கள் லோடிங்கே போடுவதில்லை. போட்டாலும் குறைவாகவே போடுகின்றன. அதிகமாகச் சுரப்பவர்கள், கழுத்தில் கட்டி உள்ளவர்கள், அந்தக் கட்டி என்னவென்று இன்னும் பரிசோதிக்காதவர்கள் விஷயத்தில்தான் தயங்குகிறார்கள். கட்டியின் தன்மை தெரியும்வரை விண்ணப்பத்தைத் தள்ளிவைப்பதும் உண்டு.

ஒரே நபருக்கு இரண்டு பிரச்சினைகள் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாக லோடிங் ஏறும். உச்சவரம்பு எவ்வளவு என்பது பாலிசி ஆவணத்திலேயே இருக்கும். ஒரு நோய்க்கு அதிகபட்சம் 100 சதவீதம், ஒரு நபருக்கு மொத்தத்தில் அதிகபட்சம் 150 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கும் பாலிசிகள் சந்தையில் உள்ளன.

பணம் இன்று, பாதுகாப்பு மூன்று வருடம் கழித்து

லோடிங் கட்டிவிட்டோம், அதனால் சர்க்கரை தொடர்பான சிகிச்சைக்கு உடனே பணம் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் தனியாக ஓடும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ம் ஆண்டு இந்தக் காலத்தின் உச்சவரம்பை 4 வருடத்திலிருந்து 3 வருடமாகக் குறைத்தது. லோடிங் போட்டதால் அந்த நோய் முதல் நாளிலிருந்து பாலிசிக்குள் வந்துவிட்டதாகப் பொருளில்லை என்று பல பாலிசிகளின் விதிகளில் நேரடியாகவே எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் முதல் மூன்று வருடம் கட்டும் லோடிங் எதற்கு? நிறுவனங்கள் சொல்லும் காரணம் இது. சர்க்கரை உள்ளவருக்கு டெங்கு வந்தாலும், கால் எலும்பு முறிந்தாலும், நிமோனியா வந்தாலும் மருத்துவமனையில் கூடுதல் நாட்கள் தங்க நேரலாம். புண் ஆறத் தாமதமாகும். தொற்று எளிதில் பிடிக்கும். அந்தச் செலவு காத்திருப்புக் காலத்திலும் நிறுவனத்தின் தலையில்தான் விழும். இந்த வாதத்தில் மருத்துவ உண்மை இருக்கிறது. ஆனாலும் பாலிசி எடுப்பவருக்கு இது இரட்டைச் சுமை. கூடுதல் விலையும் கொடுக்கிறார். எந்த நோயைக் காரணம் காட்டி அந்த விலையை வாங்குகிறார்களோ அதே நோய்க்குக் காத்திருக்கவும் செய்கிறார்.

'மூணு வருஷம் கழிச்சு எடுத்துடலாம்' என்ற பேச்சு பிறப்பதும் இந்தக் குழப்பத்தில்தான். மூன்று வருடத்தில் முடிவது காத்திருப்புக் காலம் மட்டுமே. லோடிங்கோடு அதற்குத் தொடர்பே இல்லை. முதல் பாலிசி தொடங்கிய நாளிலிருந்து, பின்னால் வரும் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் லோடிங் தொடரும் என்பதுதான் வழக்கமாக ஆவணத்தில் இருக்கும் வாசகம்.

கூடுதலாகக் கட்டும் எல்லாத் தொகையும் லோடிங் அல்ல என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். காத்திருப்புக் காலத்தைக் குறைப்பதற்காகச் சில நிறுவனங்கள் தனியாக ரைடர் விற்கின்றன. அதற்குக் கட்டும் பணம் நாமே தேர்ந்தெடுத்த வசதிக்கான விலை. காத்திருப்புக் காலம் கழிந்ததும் அதை நிறுத்த முடியுமா என்பது அந்த ரைடரின் விதியைப் பொறுத்தது. உங்கள் பாலிசி ஷெட்யூலை எடுத்துப் பாருங்கள். அடிப்படை பிரீமியம், ரைடர், லோடிங் ஆகிய மூன்றும் தனித்தனி வரிகளில் இருக்கும். எதை நிறுத்தச் சொல்லிக் கேட்கப் போகிறோம் என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

மதுரையில் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 44. ஐந்து வருடமாகச் சர்க்கரை, மாத்திரை மட்டும். நிறுவனம் எடுத்த பரிசோதனையில் எச்பிஏ1சி 7.8. மனைவிக்கு வயது 40. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். அவருடைய டி.எஸ்.எச். 6.8. இரண்டு பிள்ளைகள். நால்வருக்கும் சேர்த்து 10 லட்ச ரூபாய்க்கு ஃப்ளோட்டர் பாலிசி கேட்கிறார்கள். அடிப்படை பிரீமியம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு 25 சதவீதம், மனைவிக்கு 10 சதவீதம் லோடிங் என்று கடிதம் வருகிறது.

முதல் கேள்வி, 25 சதவீதம் எதன் மேல்? மொத்த பிரீமியமான 30,000 ரூபாயின் மேல் என்றால் ஆண்டுக்கு 7,500 ரூபாய் ஏறும். கணவருக்கு உரிய பங்கின் மேல் மட்டும் என்றால், அந்தப் பங்கு 14,000 ரூபாயாக இருக்கும் பட்சத்தில் 3,500 ரூபாய்தான் ஏறும். ஒரே சதவீதம்தான், ஆண்டுக்கு 4,000 ரூபாய் வித்தியாசம். நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த முறை மாறுகிறது. மொத்தத் தொகையின் மேல் போடுவதாகச் சொன்னால், கணவருக்குத் தனிப் பாலிசியும் மற்ற மூவருக்கு ஃப்ளோட்டரும் எடுத்தால் எவ்வளவு ஆகும் என்று கணக்குக் கேட்க வேண்டும். அது குறைவாக வந்தால், பிள்ளைகளின் பங்கு பிரீமியம்கூட அப்பாவின் சர்க்கரைக்காக ஏறுவதைத் தவிர்த்துவிடலாம்.

இரண்டாவது, லோடிங் சதவீதத்தில் நிற்கிறது; ரூபாயில் நிற்பதில்லை. கணவருடைய பங்கு இன்று 14,000 ரூபாய் என்றால் லோடிங் 3,500. வயதாலும் மருத்துவச் செலவின் ஏற்றத்தாலும் அந்தப் பங்கு பின்னாளில் 24,000 ஆனால் லோடிங் 6,000. அது 40,000 ஆகும்போது லோடிங் 10,000. சதவீதம் மாறவே இல்லை. கையை விட்டுப் போகும் பணம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இன்று 3,500 ரூபாய்தானே என்று பார்த்துச் சம்மதிப்பவர்கள் இந்த நீண்ட கணக்கைப் போடுவதில்லை.

மூன்றாவது, மனைவியின் டி.எஸ்.எச். அவர் எழுதிக் கொடுத்த விவரங்களைக் கவனமாகப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். காலையில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே கால்சியம் மாத்திரையும் சாப்பிட்டு, உடனே காபியும் குடித்திருக்கிறார். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும் காபியும் தைராய்டு மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கும். மருந்து போதவில்லை என்பது போல டி.எஸ்.எச். ஏறிக் காட்டும். வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி, நான்கு மணி நேர இடைவெளியில் கால்சியம் என்று ஒழுங்குபடுத்திவிட்டு, ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத் திரும்பப் பரிசோதித்தால் எண் இறங்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த 10 சதவீதத்தை நோய்க்காகப் போட்டிருக்கிறார்களா, மாத்திரை சாப்பிட்ட முறையால் ஏறிய எண்ணுக்காகப் போட்டிருக்கிறார்களா என்பதை உறுதி செய்யாமல் சம்மதிக்கக் கூடாது.

எச்பிஏ1சி-யிலும் இப்படி ஒரு நுட்பம் உண்டு. இரும்புச்சத்துக் குறைபாட்டால் ரத்தசோகை இருப்பவருக்கு, சர்க்கரை உண்மையில் இருப்பதைவிட எச்பிஏ1சி கூடுதலாகக் காட்டக்கூடும். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை, 6.5 தொட்டால் சர்க்கரை என்பது நடைமுறை. 6.5-ஐ ஒட்டி நிற்பவர்களும் ஹீமோகுளோபின் குறைவாக உள்ள பெண்களும் இதை மருத்துவரிடம் காட்டி, அவருடைய கடிதத்தோடு நிறுவனத்துக்கு எழுத வேண்டும்.

சம்மதம் சொல்வதற்கு முன்

கவுன்ட்டர் ஆஃபர் வந்ததும் சம்மதிப்பது, மறுப்பது என்ற இரண்டு வழிகள்தான் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். மூன்றாவதாக, மறுபரிசீலனை கேட்கும் வழி இருக்கிறது. எந்தக் காரணத்துக்காக எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் மருத்துவரின் சிகிச்சைக் குறிப்பு, கடந்த ஒன்றிரண்டு வருட எச்பிஏ1சி அறிக்கைகள், சிறுநீர்ப் புரதம், கிரியேட்டினின் ஆகியவை இயல்பாக இருப்பதைக் காட்டும் அறிக்கைகள் எல்லாவற்றையும் வைத்து அண்டர்ரைட்டருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரே ஒரு நாளின் எண்ணைவிட, இரண்டு வருடம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று காட்டும் வரிசை வலுவான சான்று. கடிதத்தில் குறிப்பிட்ட கெடு முடிவதற்குள் இது போய்ச் சேர வேண்டும். பதிலே சொல்லாமல் விட்டால் விண்ணப்பத்தை ரத்து செய்து பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மூன்று மாதம் சர்க்கரையைக் கட்டுப்படுத்திவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்கலாமே என்ற யோசனை வரும். அலுவலகக் காப்பீடு போல வேறு பாதுகாப்பு கையில் இருப்பவர்களுக்கு அது நல்ல யோசனை. வேறு எந்தப் பாதுகாப்பும் இல்லாதவர் அந்த மூன்று மாதத்தில் நெஞ்சு வலி வந்து மருத்துவமனையில் சேர்ந்தால், மிச்சப்படுத்த நினைத்த சில ஆயிரங்களுக்காகச் சில லட்சங்களை இழக்க நேரும்.

சம்மதம் சொல்லிப் பாலிசி வந்த பிறகும் 30 நாள் அவகாசம் இருக்கிறது. ஃப்ரீ லுக் எனப்படும் அந்தக் காலத்துக்குள் பாலிசியை ரத்து செய்தால், பாதுகாப்பு இருந்த நாட்களுக்கான தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைத் தீர்வை போகப் பணம் திரும்பும். வேறொரு நிறுவனம் குறைந்த லோடிங்கில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்து, அந்தப் பாலிசி கைக்கு வந்த பிறகுதான் முதல் பாலிசியை விட வேண்டும்.

சர்க்கரையை மறைத்துவிட்டால் லோடிங்கே இருக்காதே என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. 60 மாதம் தொடர்ந்து பாலிசி கட்டிய பிறகு, மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்ததைக் காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது என்ற விதி இருப்பது உண்மை. அதற்கு முந்தைய ஐந்து வருடமும் அந்தப் பாலிசி எந்த நேரத்திலும் முறியலாம். மருத்துவமனையின் கேஸ் ஷீட்டில் 'ஐந்து வருடமாகச் சர்க்கரை' என்று ஒரு வரி எழுதினால் போதும். க்ளெய்மும் போகும், பாலிசியும் போகும்.

ஏறியதை இறக்க முடியுமா?

இறக்கியே ஆக வேண்டும் என்று நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் விதி எதுவும் இல்லை. சம் இன்ஷூர்டை உயர்த்தாதவரை, புதுப்பிக்கும்போது புதிதாக அண்டர்ரைட்டிங் செய்யக் கூடாது என்பது ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதி. பாலிசி எடுத்த பிறகு ஒருவருக்குச் சர்க்கரை வந்தால், அதைக் காட்டி லோடிங் ஏற்ற முடியாது. அதிக க்ளெய்ம் வாங்கினார் என்று அவர் ஒருவருக்கு மட்டும் பிரீமியத்தை ஏற்றவும் முடியாது. பாலிசிதாரரைக் காக்கும் நல்ல விதி இது. லோடிங்கோடு உள்ளே வந்தவருக்கோ இதே விதி தடையாகிறது. உடல்நிலை தேறிவிட்டது, திரும்பப் பாருங்கள் என்று அவர் கேட்டால், புதுப்பிக்கும்போது அண்டர்ரைட்டிங் இல்லை என்று கைவிரித்துவிடலாம். ஒரே தெருவில் இருக்கும் இருவரில், சர்க்கரை வருவதற்கு ஒரு வருடம் முன்பு பாலிசி எடுத்தவர் ஆயுள் முழுக்க லோடிங் இல்லாமல் கட்டுகிறார். ஒரு வருடம் தாமதித்தவர் ஆயுள் முழுக்கக் கூடுதலாகக் கட்டுகிறார். அவர் எச்பிஏ1சி-யை 6-க்குக் கீழே கொண்டுவந்து வருடக்கணக்கில் வைத்திருந்தாலும் அதே நிலைதான். சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்கு மறுபரிசீலனை உரிமை வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

அந்த உரிமை வரும்வரை மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, கேட்டுப் பார்ப்பது. புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, தொடர்ச்சியான அறிக்கைகளோடு லோடிங்கை மறுபரிசீலிக்கும்படி எழுதலாம். இறக்குவது நிறுவனத்தின் விருப்பம்தான். ஆனாலும் தைராய்டு லோடிங், எடை குறைந்து மருந்தே தேவைப்படாத நிலை, பரிசோதனையில் நேர்ந்த பிழை போன்றவற்றில் கேட்பதற்கு நல்ல அடிப்படை இருக்கிறது. அசல் அறிக்கையைத் தவறாகப் படித்தோ, இல்லாத நோயைக் குறித்தோ லோடிங் போட்டிருந்தால் அது நிறுவனத்தின் பிழை. அதைத் திருத்தும்படி அழுத்தமாகவே கேட்கலாம்.

இரண்டாவது, போர்ட்டிங். புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பு வேறு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழைய பாலிசியில் கழித்த காத்திருப்புக் காலமும் அந்த 60 மாதக் கணக்கும் பழைய சம் இன்ஷூர்ட் அளவுக்கு அப்படியே உடன் வரும். மூன்று வருடம் முடித்தவருக்கு இது பெரிய சொத்து. ஆனால் புதிய நிறுவனம் உங்களைப் புது விண்ணப்பதாரர் போலவே பரிசோதிக்கும். லோடிங் இல்லாமலும் சேர்க்கலாம், கூடுதல் லோடிங்கும் போடலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். அதனால் புதிய நிறுவனத்தின் சம்மதம் எழுத்தில் வரும்வரை பழைய பாலிசியைக் காலாவதியாக விடக் கூடாது. விட்டால் சேர்த்துவைத்த எல்லாமே போய்விடும்.

மூன்றாவது, லோடிங்கை அப்படியே விட்டுவிட்டு, வேறு பக்கத்தில் குறைப்பது. நடைப்பயிற்சிக்கும் கட்டுப்பாட்டில் உள்ள சர்க்கரைக்கும் புதுப்பிக்கும் பிரீமியத்தில் சலுகை தரும் பாலிசிகள் இருக்கின்றன. உங்கள் பாலிசியில் அப்படி ஒரு வசதி இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் இருக்கிறீர்களா என்று பாருங்கள்.

டேர்ம் இன்ஷூரன்ஸில் வேறு வழக்கம். அதில் பிரீமியம் கடைசிவரை ஒரே அளவு; லோடிங்கும் அப்படியே நிற்கும். குறைய வேண்டும் என்றால் புதுப் பாலிசிதான் எடுக்க வேண்டும். அதற்குள் வயது ஏறியிருப்பதால் லாபம் கிடைப்பது அரிது.

லோடிங் விஷயத்தில் சம்மதம் வாங்கியதற்கு ஆதாரமே இல்லை, கடிதத்தில் சொன்ன சதவீதம் ஒன்று வசூலித்தது ஒன்று என்பன போன்ற புகார் இருந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழகத்துக்கு அவருடைய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. வக்கீலும் தேவையில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நீங்கள் ஒப்புக்கொண்ட லோடிங் அதிகம் என்பதற்காக மட்டும் அவர் அதைக் குறைத்துத் தர வாய்ப்பில்லை.

ஓ.டி.பி. கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

• எந்த நோய்க்கு எத்தனை சதவீதம்? எந்தப் பரிசோதனை எண்ணை வைத்துப் போட்டார்கள்?

• அந்தச் சதவீதம் என் பங்கு பிரீமியத்தின் மேலா, குடும்பத்தின் மொத்த பிரீமியத்தின் மேலா?

• அதே நோய்க்குக் காத்திருப்புக் காலம் எத்தனை மாதம்?

• பின்னால் மறுபரிசீலனை உண்டா? உண்டு என்றால் பாலிசி ஆவணத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

கடைசிக் கேள்விக்கு ஏஜென்ட் வாய்மொழியாகப் பதில் சொன்னால், அதையே நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சலில் வாங்கித் தரச் சொல்லுங்கள். மின்னஞ்சல் வராவிட்டால், இந்த லோடிங் ஆயுள் முழுக்க இருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கிலும் பாலிசி உங்களுக்குக் கட்டுப்படியாகிறது என்றால் சம்மதியுங்கள்.